இபிட்டா காட்டாத செலவு

வட்டி, வரி, தேய்மானம், உரிமம் போன்றவற்றின் மதிப்புக் குறைப்பு ஆகியவற்றைக் கழிப்பதற்கு முந்தைய லாபமே இபிட்டா. தொலைபேசி போன்ற பெருமுதலீட்டுத் தொழில்களில் இதை மட்டும் நம்புவது ஆபத்து. கேபிளும் கோபுரமும் பழசாகும். மாற்றப் பணம் வேண்டும். அந்தச் செலவு இபிட்டாவில் தென்படாது. இரு நிறுவனங்களுக்கும் இபிட்டா தலா 100 கோடி ரூபாய் என்று கொள்வோம். கருவிகளை மாற்ற ஒன்றுக்கு ஆண்டுக்கு 80 கோடியும் மற்றதற்கு 30 கோடியும் தேவைப்பட்டால், மிஞ்சுவது 20 கோடியும் 70 கோடியும்தான்.

அமெரிக்காவின் வேர்ல்ட்காம் இந்த ஓட்டையைத்தான் பயன்படுத்தியது. பிறருடைய தொலைபேசித் தடங்களுக்குக் கட்டிய அன்றாடக் கட்டணத்தை மூலதனச் செலவாக எழுதி, இபிட்டாவை உயர்த்திக் காட்டியது. 2002 ஜூனில் அம்பலமான தொகை சுமார் 380 கோடி டாலர். எனவே ஆய்வாளர்கள் சிலர் இபிட்டாவிலிருந்து மூலதனச் செலவைக் கழித்தும் நிறுவனங்களை ஒப்பிடுகிறார்கள்.