விளையாடும் பிள்ளைக்கு ஷூ வாங்கும்போது

பள்ளி விளையாட்டுக்கு ஷூ எடுக்கும்போது 'வளர்ற பிள்ளை' என்று இரண்டு சைஸ் கூட்டி வாங்குவது பல வீடுகளில் வழக்கம். ஓடும் பிள்ளையின் காலுக்கு மிகுதியாகத் தீங்கு செய்வதும் இந்த வழக்கந்தான். இந்தியாவில் புழங்கும் சைஸ் எண்கள் பிரிட்டிஷ் அளவைப் பின்பற்றியவை. ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் இடையே ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம் உண்டு. இரண்டு சைஸ் கூட்டினால் 17 மில்லிமீட்டர் வெற்றிடம் கூடுதலாகிவிடும். ஓடி வரும் பிள்ளை சட்டென்று நிற்கும்போது உடம்பு நின்றாலும் கால் ஷூவுக்குள் முன்னோக்கிச் சறுக்குகிறது. விரல் நுனி முன்புறத்தில் போய் இடிக்கிறது. நாள் தவறாமல் இப்படி இடித்தால் நகத்துக்கடியில் இரத்தம் கட்டி நகம் கறுத்துவிடும். சறுக்காமல் இருக்கப் பிள்ளை விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினால் கெண்டைக்கால் சீக்கிரம் களைத்துப்போகும். பின்பக்கம் குதிகால் மேலும் கீழும் உரசிக் கொப்புளம் வரும்.

சிறிய ஷூவும் அதே அளவு கெடுதல்தான். ஆனால் சிறியதைப் பிள்ளை ஓரிரு வாரத்தில் வலி என்று சொல்லிவிடும். பெரியதைப் பற்றிப் பெரும்பாலும் சொல்லாது. லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு சமாளிக்கும்.

ஆரம்பப் பள்ளி வயதில் பிள்ளையின் பாதம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீள்கிறது. ஆகவே முன்புறம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அதாவது பெரியவரின் கட்டைவிரல் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக இடம் விட்டால் போதும். அளப்பதற்கு மாலை நேரம் நல்லது. பகல் முழுக்க நடந்த பாதம் சற்று உப்பியிருக்கும். விளையாடும்போது போடும் சாக்ஸையே போட்டு, சுவரில் குதிகால் பட ஒரு தாளின் மேல் பிள்ளையை நிறுத்த வேண்டும். உட்கார்ந்தபடி அளந்தால் நீளம் குறைவாகக் காட்டும். மிக நீண்ட விரலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டு, சுவரிலிருந்து அந்தக் கோடு வரை அளக்க வேண்டும். மிக நீண்டது எப்போதும் பெருவிரலாக இருப்பதில்லை. சிலருக்கு இரண்டாம் விரல் நீளம். இரண்டு பாதங்களையும் அளந்து பெரியதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு இடது பாதம் 22.4, வலது பாதம் 22.7 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு ஷூவின் உள்நீளம் 23.7 முதல் 23.9 வரை இருக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்ப முடியாது. ஒரே எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உள்ளே இருக்கும் மெத்தைப் பட்டையைக் கழற்ற முடிந்தால் கடையிலேயே கழற்றித் தரையில் வைத்து, அதன்மேல் பையனை நிற்கச் செய்தால் முன்னால் எவ்வளவு மிச்சம், பக்கவாட்டில் பாதம் வழிகிறதா என்பதெல்லாம் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஷூவின் மேலிருந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதில் இந்தத் தெளிவு கிடைக்காது. உள்ளே பிள்ளை விரலை மடக்கிக்கொள்ளும்; இடம் தாராளமாக இருப்பதுபோல் தோன்றும். ஜூனில் வாங்கிய ஷூவில் அதே பட்டையைக் கழற்றி டிசம்பரில் ஒருமுறை பார்ப்பது நல்லது. மிச்சம் அரை சென்டிமீட்டருக்குக் குறைந்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

சைஸ் சரியாக அமைந்தபின் ஷூவைக் கையில் எடுத்து மூன்று விதமாகச் சோதிக்கலாம். குதிகாலைச் சுற்றியுள்ள பின்சுவரை இரு விரலால் அழுத்தினால் எளிதில் மடங்கக் கூடாது. முன்பக்கத்தை மேல்நோக்கி வளைத்தால், விரல்கள் தொடங்கும் இடத்தில் வளைய வேண்டும். பாதத்தின் நடுவில் மடியும் ஷூ ஓட்டத்துக்கு ஆகாது. துணி பிழிவதுபோல் முறுக்கினால் ஓரளவு எதிர்ப்புக் காட்ட வேண்டும். வெள்ளை கேன்வாஸ் ஷூக்களில் பல இந்தச் சோதனைகளில் தேறுவதில்லை. அணிவகுப்புக்கும் காலை வழிபாட்டுக்கும் அவை போதும். அன்றாட ஓட்டப் பயிற்சிக்கு அவற்றை நம்பக் கூடாது. விலை கூடியது எல்லாம் நல்லதென்று இதற்குப் பொருளல்ல. தடித்த, உயர்ந்த மெத்தை வைத்த ஓட்ட ஷூவை மாட்டிக்கொண்டு பேட்மின்டன் ஆடினால், பக்கவாட்டில் பாயும்போது கணுக்கால் மடங்கும் அபாயம் அதிகம். அந்த ஆட்டத்துக்குத் தாழ்ந்த, தட்டையான ரப்பர் சோல்தான் சரி.

கால்பந்து ஷூவில் அடிப்பாகத்தைக் கவனிக்க வேண்டும். நீளமான ஸ்டட்கள் புல் அடர்ந்த, ஈரமான தரையில் புதைந்து பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்கள் பெரும்பாலும் காய்ந்து இறுகிய மண். அதில் ஸ்டட் புதையாது. உடல் எடை முழுவதும் சில புள்ளிகளில் இறங்கிப் பாதத்தைக் குத்தும். பிடித்துக்கொண்ட இடத்தில் பாதம் நிலைத்து உடல் திரும்பினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். குட்டையான ரப்பர் முனைகள் நெருக்கமாக அமைந்த ஷூவே இந்தத் தரைக்கு ஏற்றது.

ஷூ இல்லாமல் ஆடுவது எப்போதும் கெடுதல் என்று எண்ண வேண்டாம். 1992-இல் வெளியான ஓர் ஆய்வில் இந்திய மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் பாதங்களைப் பார்த்தார்கள். ஷூ அணிந்து வளர்ந்தவர்களிடையே தட்டைப்பாதம் கூடுதலாகவும், வெறுங்காலோடு வளர்ந்தவர்களிடையே குறைவாகவும் இருந்தது. மண் களத்தில் கபடியும் கோ-கோவும் வெறுங்காலில் ஆடுவதில் தவறில்லை. கண்ணாடிச் சில்லு, முள், வெயிலில் கொதிக்கும் சிமென்ட் தளம் இருக்கும் இடத்தில் மட்டும் காலணி கட்டாயம்.

எட்டு முதல் பதினான்கு வயதுக்குள் ஓடி ஆடும் பிள்ளைகள் குதிகால் வலி என்பார்கள். குதிகால் எலும்பின் வளர்ச்சித் தட்டை, இறுகிய கெண்டைத் தசைநார் இழுப்பதால் வருவது இது. விளையாடியபின் வலி கூடும். குதிகாலின் இரு பக்கமும் உள்ளங்கையால் அமுக்கினால் பிள்ளை சட்டென்று காலை இழுத்துக்கொள்ளும். தட்டையான, தேய்ந்த ஷூ இதை அதிகமாக்கும். சில வாரங்கள் ஓட்டத்தைக் குறைத்துக் குதிகாலுக்கு மெத்தை வைத்தால் பெரும்பாலும் தணியும். நொண்டல் இருந்தால், இரவில் வலித்தால், வீங்கிச் சிவந்தால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். அண்ணன் ஷூ தம்பிக்கு வரும் வீடுகளில் அதைத் தட்டையான இடத்தில் வைத்துப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். குதிகால் ஒருபக்கம் சாய்ந்து தேய்ந்திருந்தால் அண்ணன் நடந்த சாய்விலேயே தம்பியும் நடப்பான்.

சாக்ஸ் வியர்வையில் நனைந்து மடிந்தால் நல்ல ஷூவிலும் கொப்புளம் வரும். பருத்தி ஈரத்தைப் பிடித்துவைக்கும். பருத்தியுடன் செயற்கை இழை கலந்தது நீண்ட ஆட்டத்துக்கு மேல். நீளம் பாதத்துக்குச் சரியாக இருந்தால்தான் உள்ளே சுருங்காது.

மற்ற சாதனங்களில் கால்பந்துக்கு ஷின் கார்டு விதிப்படி கட்டாயம். பிள்ளையின் உயரத்துக்கேற்ற அளவில், கணுக்காலுக்குச் சற்று மேலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை முன்னெலும்பை மூட வேண்டும். ஓடும்போது பக்கமாகத் திரும்பினால் பயனில்லை. சாக்ஸுக்கு உள்ளே பட்டையால் இறுக்க வேண்டும். கிரிக்கெட் தோல்பந்து ஆடும் பிள்ளைக்கு ஹெல்மெட்டில் பார்க்க வேண்டியது முன்கம்பிக்கும் நெற்றி விளிம்புக்கும் இடையேயுள்ள இடைவெளி. சிறுவர்கள் ஆடும் பந்து பெரியவர்களுடையதைவிடச் சிறியது. பெரியவர் ஹெல்மெட்டின் இடைவெளியில் அது நுழைந்து முகத்தில் பட வாய்ப்புண்டு. பந்தையே இடைவெளியில் வைத்து அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். தலையை ஆட்டும்போது ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. பலமாக ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும், மறுபடி தலையில் ஏறக் கூடாது. உள்ளே இருக்கும் பஞ்சுறை நசுங்கியிருக்கும். அடுத்த அடியைத் தாங்காது.