கட்டிய பில் மறுபடியும் ‘பாக்கி’ ஆவது எப்படி?

“காலையிலேயே யுபிஐ-ல கட்டிட்டேனே சார், மறுபடியும் பாக்கின்னு மெசேஜ் வருதே?” ஆன்லைனில் பணம் வாங்கும் சிறு நிறுவனங்களின் கணக்குப் பிரிவுக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர் பொய் சொல்லவில்லை. பணமும் எங்கும் தொலைந்துவிடவில்லை. கேட்வேயிலிருந்து வந்த செய்திகளை நிறுவனத்தின் மென்பொருள் எப்படிப் படித்தது என்பதில்தான் சிக்கல்.

ரேசர்பே, ஸ்ட்ரைப் போன்ற பேமென்ட் கேட்வேக்கள் பணம் வந்த தகவலை விற்றவருக்கு இரண்டு வழியில் சொல்கின்றன. ஒன்று, வாடிக்கையாளரின் பிரவுசர் வழியாக. பணம் கட்டி முடித்ததும் அது நம் தளத்துக்குத் திரும்பி வரும். ஆனால் யுபிஐ ஆப்பில் பின் போட்டுவிட்டு அப்படியே போனைச் சட்டைப் பையில் வைத்துவிடுகிறவர்கள் ஏராளம். அவர்களுடைய பிரவுசர் திரும்பி வருவதே இல்லை. அதனால்தான் இரண்டாவது வழி: கேட்வேயின் சர்வர் நம் சர்வரை நேரடியாகக் கூப்பிட்டு, “இந்த ஆர்டருக்கு இவ்வளவு பணம் வந்தது” என்று சொல்லும். இதுதான் வெப்ஹூக்.

இது பதிவுத் தபால் போன்றது. ஒப்புகை அட்டை திரும்பி வந்தால்தான் அனுப்பியவருக்கு நிம்மதி. ரேசர்பேயைப் பொறுத்தவரை, நம் சர்வர் 5 நொடிக்குள் ‘200’ வரிசையில் ஒரு பதில் தர வேண்டும். தராவிட்டால் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை என்று கொண்டு, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே 24 மணி நேரம் வரை திரும்பத் திரும்ப அனுப்பும். ஸ்ட்ரைப் 3 நாள் வரை முயலும். எந்தச் செய்தி முதலில் வரும் என்பதற்கு இரண்டுமே உத்தரவாதம் தருவதில்லை.

ஒரு உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். 318-ம் எண் பில், தொகை 4,720 ரூபாய். 10:02-க்கு வாடிக்கையாளர் முதல் முறை முயல்கிறார், வங்கி மறுத்துவிடுகிறது. இந்த முயற்சியை ‘அ’ என்போம். கேட்வே உடனே `payment.failed` என்று செய்தி அனுப்புகிறது. அந்த நேரம் பார்த்து நம் சர்வர் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கிறது, செய்தி சேரவில்லை. 10:04-க்கு வாடிக்கையாளர் வேறொரு வங்கிக் கணக்கிலிருந்து கட்டுகிறார், பணம் போய்விடுகிறது. இது ‘ஆ’ முயற்சி. `payment.captured` செய்தி வந்து சேர்கிறது. நம் மென்பொருள் பில்லை ‘கட்டியாயிற்று’ என்று குறித்து, ரசீதை பிடிஎஃப் ஆக்கி, இமெயிலும் அனுப்பிவிட்டு, அதன் பிறகே பதில் சொல்கிறது. அதற்குள் 8 நொடி ஆகிவிட்டது. கேட்வேயின் கணக்கில் இது சேராத செய்தி. கொஞ்ச நேரத்தில் அதே `payment.captured` மறுபடியும் வருகிறது. கணக்கில் இன்னொரு 4,720 வரவு, இன்னொரு ரசீது. சில நிமிடம் கழித்து, முதலில் சேராமல் போன ‘அ’ முயற்சியின் `payment.failed` வந்து சேர்கிறது. மென்பொருள் அதையும் அப்படியே நம்பி, பில்லை மறுபடி ‘பாக்கி’ ஆக்குகிறது. மாலையில் நினைவூட்டல் மெசேஜ் தானாகப் போகிறது.

கடைசியாக வந்து சேர்ந்த செய்தி, கடைசியாக நடந்த விஷயம் அல்ல. பில்லின் நிலையை ஒவ்வொரு செய்தியும் நேரடியாக மாற்றலாம் என்று எழுதிய இடத்தில்தான் தவறு இருக்கிறது.

திரும்ப வருவதைத் தடுக்க எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி, செய்தியின் அடையாள எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது. ரேசர்பே ஒவ்வொரு நிகழ்வுக்கும் `x-razorpay-event-id` என்ற தலைப்பில் ஓர் எண் தருகிறது. மறுபடி அனுப்பும்போதும் எண் மாறாது. பார்த்த எண்ணாக இருந்தால் விட்டுவிடலாம். இது தேவைதான், ஆனால் போதாது. ஏனென்றால், ஒரே பணத்துக்கு `payment.captured` ஒன்றும் `order.paid` ஒன்றும் தனித்தனியாக வரும். இரண்டுக்கும் எண் வேறு. இரண்டையும் பார்த்து வரவு வைக்கிற மென்பொருள், எண்ணைச் சரிபார்த்த பிறகும் இரண்டு முறை வரவு வைக்கும்.

ஆகவே பிடித்துக்கொள்ள வேண்டியது பேமென்ட் எண்ணை. `pay_` என்று தொடங்கும் அந்த எண் ஒரு முயற்சிக்கு ஒன்றுதான். டேட்டாபேஸில் ஒரு பேமென்ட் எண் ஒரு வரிக்கு மேல் இருக்கவே முடியாது என்று விதித்துவிட்டால், அதே செய்தி பத்து முறை வந்தாலும் வரவு ஒன்றுதான்:

```sql
INSERT INTO payments (payment_id, invoice_no, paise)
VALUES ('pay_...', 318, 472000)
ON CONFLICT (payment_id) DO NOTHING;
```

472000 என்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். கேட்வே தொகையைப் பைசாவில்தான் சொல்லும். “ஏற்கெனவே இருக்கிறதா?” என்று தேடிப் பார்த்துவிட்டு எழுதுவதைவிட இது நல்லது. ஒரே கணத்தில் இரண்டு செய்திகள் வந்தால், தேடிப் பார்க்கும்போது இரண்டுக்குமே ‘இல்லை’ என்றுதான் தெரியும். இங்கே தடுப்பது டேட்டாபேஸே என்பதால் அந்த இடுக்கு கிடையாது.

பில் கட்டியாயிற்றா என்பதை எந்தச் செய்தியும் முடிவு செய்யக் கூடாது. அந்தப் பில்லுக்கு உண்மையில் வந்த பணத்தைக் கூட்டிப் பார்த்து, 4,720-ஐத் தொட்டால் ‘கட்டியாயிற்று’. ‘அ’ தோற்றது என்று எவ்வளவு தாமதமாகச் செய்தி வந்தாலும் அது ‘அ’-வின் வரியில் மட்டுமே பதிவாகும். ‘ஆ’-வின் பணம் அப்படியே இருக்கும். ஒரே முயற்சிக்குள்ளும் ஒரு விதி வேண்டும்: தோற்றது என்று குறித்த முயற்சி பின்னால் வெற்றி ஆகலாம், வெற்றி ஆனது தோல்விக்குத் திரும்பக் கூடாது. வங்கியின் பதில் தாமதமானதால் தோல்வி என்று காட்டப்பட்ட பணம் பிறகு வந்து சேர்வது நிஜமாகவே நடக்கிறது. வந்த பணத்தைக் குறைக்கும் உரிமை ரீஃபண்டுக்கு மட்டும் இருக்கட்டும்.

இப்படி வைத்தால் இன்னொரு விஷயமும் தெளியும். ஒரே பில்லுக்கு இரண்டு வெவ்வேறு பேமென்ட் எண்ணில் பணம் வந்திருந்தால், அது திரும்ப வந்த செய்தி அல்ல. வாடிக்கையாளர் பதறிப்போய் உண்மையிலேயே இரண்டு முறை கட்டியிருக்கிறார். அதை ‘டூப்ளிகேட்’ என்று ஒதுக்கிவிட்டால் அவருடைய பணத்தை நாம் வைத்துக்கொண்டதாக ஆகும். திருப்பித் தர வேண்டிய பணம் அது.

செய்தி போலியா என்று பார்ப்பது இதற்கெல்லாம் முன்னால் நடக்க வேண்டும். நம் வெப்ஹூக் முகவரி தெரிந்த எவரும் ‘பணம் வந்தது’ என்று ஒரு செய்தியை அனுப்பிவிட முடியும். `X-Razorpay-Signature` என்ற கையொப்பத்தை, இரு தரப்புக்கும் மட்டுமே தெரிந்த ரகசியச் சொல்லை வைத்துச் சரிபார்க்க வேண்டும். வந்த எழுத்துகளை அப்படியே வைத்துக் கணக்கிட வேண்டும். பிரித்துப் படித்துவிட்டு மறுபடி கோத்தால், ஒரு இடைவெளி மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. சரிபார்த்ததும் செய்தியைச் சேமித்து உடனே பதில் சொல்லிவிட வேண்டும். ரசீது, இமெயில் எல்லாம் அதற்குப் பிறகு. 8 நொடித் தொல்லை அங்கேயே தீரும்.

இத்தனை செய்தும் வராமலே போகும் செய்தி உண்டு. 24 மணி நேரம் தொடர்ந்து பதில் கிடைக்காவிட்டால் ரேசர்பே அந்த வெப்ஹூக்கையே நிறுத்திவிடும். ஆகவே நினைவூட்டல் அனுப்புவதற்கு முன்னால், பாக்கி இருக்கும் ஒவ்வொரு ஆர்டருக்கும் `GET /v1/orders/:id/payments` என்று கேட்வேயிடமே ஒரு முறை கேட்டுக்கொள்ளும் வேலை தினமும் ஓடட்டும்.

மென்பொருள் எழுதித் தருபவரிடம் ஒரு சோதனை கேளுங்கள். டெஸ்ட் மோடில் ஒரு பில்லைக் கட்டி, அதே வெற்றிச் செய்தியை இன்னொரு முறையும், பிறகு பழைய தோல்விச் செய்தி ஒன்றையும் அனுப்பச் சொல்லுங்கள். வரவு ஒன்று, ரசீது ஒன்று, பில் ‘கட்டியாயிற்று’ என்று நின்றால் வாங்கிக்கொள்ளலாம். பணம் கட்டுகிறவர்களும் ஒன்று செய்யலாம்: கட்டிய பிறகு ‘பாக்கி’ என்று வந்தால் அவசரப்பட்டு மறுபடி கட்டாதீர்கள். யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, அதிலுள்ள 12 இலக்க யுடிஆர் எண்ணை நிறுவனத்துக்கு அனுப்புங்கள். பணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க அது போதும்.