பதிலில் நோயாளி தெரியக் கூடாது

2019-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஒரு பல் மருத்துவமனை, அரசின் சுகாதாரத் துறைக்கு 10,000 டாலர் கட்டியது. சிகிச்சையில் பிழை என்பதற்காக அல்ல. இணையத்தில் கருத்து எழுதிய நோயாளிக்குப் பதிலளிக்கும்போது, அவருடைய குடும்பப் பெயரையும் உடல்நிலையையும் சேர்த்து எழுதியதற்காக.

பெயரை விட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. "இரண்டு மணி நேரம் காக்க வைத்தார்கள், பல்வலியும் போகவில்லை" என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "நீங்கள்தான் வேர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள்" என்று பதில் சொன்னால் அவர் வந்ததும் தெரிந்துவிடும், செய்துகொண்ட சிகிச்சையும் தெரிந்துவிடும். "காக்க வைத்ததற்கு மன்னியுங்கள்" என்ற பணிவான வரிகூட அவர் வந்ததை உறுதிப்படுத்திவிடும். நோயாளியே ஊரறியச் சொல்லியிருந்தாலும், அதை ஆமோதிக்கும் உரிமை மருத்துவமனைக்கு வந்துவிடாது. பொய்யான குறையைக்கூடப் பொதுவில் மறுக்க முடியாத இந்த நிலை மருத்துவர்களுக்குக் கசக்கிறது. அந்த வருத்தம் நியாயமானதுதான்.

ஆனாலும் மருத்துவமனையின் பொதுவான நடைமுறையைப் பற்றி எழுதலாம்: "காத்திருப்பு நேரம் பற்றிய குறைகளை நாங்கள் கவனமாகப் பார்க்கிறோம். யார் எங்களிடம் சிகிச்சை பெற்றார் என்பதைப் பொதுவில் பேசுவதில்லை. எங்கள் நிர்வாகியை அலுவலக எண்ணில் அழைத்தால் முழுமையாகக் கேட்டுக்கொள்வோம்."

வெளியிடும் முன், அந்தக் குறையைப் படிக்காத ஊழியர் ஒருவரிடம் பதிலை மட்டும் காட்டுங்கள். எழுதியவர் அங்கே வந்தவர் என்று அவரால் சொல்ல முடிந்தால், திருத்தி எழுதுங்கள்.