கேரளாவைவிட பீகாரில் இறப்பு குறைவா? புள்ளிவிவரத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கும் வயசுக் கணக்கு!

ஒரு சின்ன கேள்வி. ஒரு வருஷத்தில், ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறக்கிறாங்கங்கிற கணக்கில் கேரளா முன்னாடி இருக்குமா, பீகார் முன்னாடி இருக்குமா?

பெரும்பாலானவங்க பீகார்னுதான் சொல்வீங்க. ஆனா, இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் நடத்தும் எஸ்.ஆர்.எஸ் என்ற மாதிரிப் பதிவு ஆய்வின் 2020-ம் ஆண்டு அறிக்கையைப் பார்த்தா, கேரளாவின் இறப்பு விகிதம் 7.0. பீகாருக்கு 5.4. நம்ம தமிழ்நாட்டுக்கு 6.1. அதாவது, ஆயிரம் பேருக்கு பீகாரில் இறந்தவங்களைவிட கேரளாவில் இறந்தவங்க அதிகம்.

இந்த மூணு எண்ணை மட்டும் ஒரு கார்டுல போட்டு, 'கேரள மருத்துவத்தின் லட்சணம் பாரீர்'னு தலைப்பு வெச்சு ஃபார்வர்டு பண்ணா, யாராலயும் 'எண் தப்பு'ன்னு சொல்ல முடியாது. எண்கள் சரிதான். அதிலிருந்து வரும் முடிவுதான் தப்பு. எப்படின்னு பார்ப்போம்.

அதே அறிக்கை சொல்லும் இன்னொரு கதை

அதே 2020 எஸ்.ஆர்.எஸ் கணக்குப்படி, உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது முடியுறதுக்குள்ள இறக்கும் குழந்தைகள் கேரளாவில் 6, பீகாரில் 27. ஆயுட்கால எதிர்பார்ப்பை எடுத்தா, கேரளாவில் சுமார் 75 வயது, பீகாரில் 70-ஐக்கூடத் தொடலை.

குழந்தைகள் அங்கே நல்லா பிழைக்கிறாங்க. மக்கள் அதிக வருஷம் வாழறாங்க. அப்புறம் எப்படி மொத்த இறப்பு மட்டும் அதிகமா இருக்கு?

விடை ரொம்ப எளிது. கேரளாவில் வயசானவங்க அதிகம். 2021-க்கான அரசின் மக்கள்தொகைக் கணிப்பில், 60 வயசைத் தாண்டியவங்க கேரளாவில் 16.5 சதவிகிதம். நாட்டிலேயே இதுதான் அதிகம். பீகாரில் 7.7 சதவிகிதம்தான். இந்தப் பக்கம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தா, பீகாரில் பத்துப் பேரில் நாலு பேர் 15 வயசுக்குக் கீழே இருந்தாங்க. கேரளாவில் அது கால்வாசிக்கும் குறைவு.

பள்ளிக்கூடப் பசங்க நிறைஞ்ச தெருவில் வருஷத்துக்கு எத்தனை சாவு விழும்? தாத்தா பாட்டிகள் நிறைஞ்ச தெருவில் எத்தனை விழும்? ரெண்டாவது தெருவில் நல்ல டாக்டர் இருந்தாலும் அங்கேதான் அதிகம் விழும். ஊர் மோசம்ங்கிறதால இல்லை, அங்கே இருக்கிறவங்க வயசு அப்படி.

மொத்த இறப்பை மொத்த மக்கள்தொகையால் வகுத்து வரும் இந்த எண்ணுக்கு 'கச்சா இறப்பு விகிதம்'னு பேர். கச்சா எண்ணெய் மாதிரி, இன்னும் சுத்திகரிக்காத கணக்கு. இதில் ரெண்டு விஷயம் கலந்திருக்கு: ஒவ்வொரு வயசிலும் சாகும் ஆபத்து எவ்வளவு, ஒவ்வொரு வயசிலும் எத்தனை பேர் இருக்காங்க. ஆபத்தை மட்டும் தனியா பிரிச்சு ஒப்பிடும் வேலைக்குத்தான் 'ஏஜ் ஸ்டாண்டர்டைசேஷன்'னு பேர். தமிழ்ல 'வயது சீரமைப்பு'ன்னு வெச்சுக்கலாம்.

ரெண்டு ஊர், ஒரு கணக்கு

முதியூர், இளையூர்னு ரெண்டு ஊர். ரெண்டிலும் தலா ஒரு லட்சம் பேர். ஊரும் எண்களும் கணக்குப் புரியறதுக்காக நாமளே போட்டுக்கிட்டது.

முதியூரில் 30 வயசுக்குக் கீழே 30,000 பேர். 30 முதல் 59 வரை 45,000 பேர். 60-க்கு மேலே 25,000 பேர். இந்த மூணு பிரிவிலும் ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு முறையே 1, 3, 30 பேர் இறக்கிறாங்க. பெருக்கிப் பாருங்க: 30, 135, 750. மொத்தம் 915 இறப்பு. கச்சா விகிதம் ஆயிரத்துக்கு 9.15.

இளையூரில் அதே பிரிவுகளில் 60,000, 32,000, 8,000 பேர். ஆயிரத்துக்கு 2, 5, 40 பேர் இறக்கிறாங்க. பெருக்கினா 120, 160, 320. மொத்தம் 600 இறப்பு. கச்சா விகிதம் 6.

இப்போ கொஞ்சம் நிதானமா கவனிங்க. சின்னப் பசங்களா இருந்தாலும், நடுத்தர வயசா இருந்தாலும், பெரியவங்களா இருந்தாலும், ஒவ்வொரு பிரிவிலும் இளையூரில்தான் ஆபத்து அதிகம். ஆனா மொத்தக் கணக்கில் இளையூர்தான் 'ஆரோக்கியமான ஊர்' மாதிரி தெரியுது!

இதைச் சரிபண்ண என்ன வழி? ரெண்டு ஊருக்கும் பொதுவா ஒரு வயசுப் பட்டியலை எடுத்துக்கணும். இதுதான் 'நிலையான மக்கள்தொகை'. நம்ம கணக்குக்கு 45,000, 40,000, 15,000ன்னு வெச்சுப்போம். இப்போ கேட்க வேண்டிய கேள்வி: 'இந்தப் பொதுப் பட்டியல்ல இருக்கிற மக்கள் முதியூரில் வாழ்ந்தா எத்தனை பேர் இறப்பாங்க? இளையூரில் வாழ்ந்தா எத்தனை பேர்?'

முதியூரின் விகிதத்தைப் போட்டா 45, 120, 450. மொத்தம் 615. ஆயிரத்துக்கு 6.15.

இளையூரின் விகிதத்தைப் போட்டா 90, 200, 600. மொத்தம் 890. ஆயிரத்துக்கு 8.9.

கதையே தலைகீழா மாறிடுச்சு இல்லையா? மக்களோட வயசு ரெண்டு பக்கமும் ஒண்ணாயிட்டதால, மிச்சமிருக்கிற வித்தியாசம் ஆபத்தோட வித்தியாசம் மட்டும்தான். உண்மையான ஆய்வுகளிலும் இதே பெருக்கல்தான் நடக்குது. மூணு வயசுப் பிரிவுக்குப் பதிலா பொதுவா அஞ்சஞ்சு வயசா பிரிச்சுக்குவாங்க, அவ்வளவுதான்.

எந்தப் பட்டியலை எடுக்குறது?

இங்கேதான் பலரும் சறுக்குறாங்க. பொதுப் பட்டியல்னு ஒண்ணே ஒண்ணு கிடையாது. உலக சுகாதார நிறுவனம், 2000 முதல் 2025 வரையிலான உலக மக்களின் சராசரி வயசு அமைப்பை வெச்சு ஒரு பட்டியல் வெச்சிருக்கு. புற்றுநோய்க் கணக்குகளில் ஜப்பானிய ஆய்வாளர் மிட்சுவோ செகி உருவாக்கி, பிறகு கொஞ்சம் திருத்தப்பட்ட பட்டியல் புழக்கத்தில் இருக்கு. ஐரோப்பாவுக்குத் தனிப் பட்டியல் உண்டு.

பட்டியல் மாறினா எண்ணும் மாறும். இதுக்கு நல்ல உதாரணம் அமெரிக்கா. அங்கே பல பத்தாண்டுகளா 1940-ம் ஆண்டு மக்கள்தொகையைப் பொதுப் பட்டியலா வெச்சிருந்தாங்க. 1999-ம் ஆண்டின் இறப்புக் கணக்கிலிருந்து 2000-ம் ஆண்டு மக்கள்தொகைக்கு மாறினாங்க. 2000-ம் ஆண்டுப் பட்டியல்ல வயசானவங்க அதிகம். அதனால, 1990-களின் நடுவில் நடந்த அதே இறப்புகளைப் பழைய பட்டியல்ல போட்டா லட்சத்துக்கு சுமார் 500, புதுசுல போட்டா சுமார் 900. கூடுதலா ஒருத்தர்கூட சாகலை, அளவுகோல்தான் மாறுச்சு.

அதனால, ஒரு அறிக்கையிலிருந்து ஒரு எண், இன்னொரு அறிக்கையிலிருந்து ஒரு எண்ணை எடுத்து ஒப்பிடுறதுக்கு முன்னாடி, ரெண்டும் ஒரே பட்டியலைப் பயன்படுத்தியிருக்கான்னு பார்க்கணும். இல்லைன்னா ஒண்ணை அடியிலும் இன்னொண்ணை மீட்டரிலும் அளந்துட்டு எது நீளம்னு கேட்கிற மாதிரிதான்.

ஒரே ஊரை ஒப்பிடவும் இது வேணும்

ரெண்டு மாநிலங்களுக்கு இடையில மட்டுமில்லை, ஒரே நாட்டின் நேற்றையும் இன்றையும் ஒப்பிடவும் வயது சீரமைப்பு தேவை. ஜப்பானில் 1979-ல் ஆயிரத்துக்கு சுமார் 6 பேர் இறந்தாங்க. 2023-ல் சுமார் 13 பேர். ரெண்டு மடங்குக்கு மேல! இதை மட்டும் பார்த்தா ஜப்பானுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு தோணும். ஆனா அதே காலத்தில் ஜப்பானியப் பெண்களின் ஆயுட்காலம் சுமார் 79-லிருந்து 87 ஆயிருக்கு. எல்லா வயசிலும் ஆபத்து குறைஞ்சிருக்கு, நாடு வயசாகியிருக்கு. வயசைச் சீராக்கிப் பார்த்தா ஜப்பானின் இறப்பு விகிதம் கீழேதான் இறங்கியிருக்கு.

அப்போ கச்சா எண்ணைத் தூக்கிப் போட்டுடலாமா?

கூடாது. முதியூருக்கு எத்தனை ஆம்புலன்ஸ், எத்தனை படுக்கை, எத்தனை மயான இடம் வேணும்னு திட்டம் போடும் அதிகாரிக்கு 915-தான் வேணும். 615 வெறும் 'இப்படி இருந்திருந்தா' கணக்கு. அத்தனை பேர் எங்கேயும் சாகலை. எவ்வளவு சுமைன்னு தெரிஞ்சுக்க கச்சா எண். எங்கே ஆபத்து அதிகம்னு ஒப்பிட, சீரமைத்த எண்.

சீரமைத்த எண்ணுக்கும் சில எல்லைகள் உண்டு. ஒரு ஊரில் குழந்தை இறப்பு குறைவு, ஆனா முதியோர் இறப்பு அதிகம். இன்னொரு ஊரில் இது அப்படியே தலைகீழ்னு வைங்க. ரெண்டுக்கும் ஒரே எண் வந்து நிக்கலாம். அப்போ வயசுவாரியான அட்டவணையைத் திறந்து பார்க்கிறதைத் தவிர வேற வழி இல்லை. அதேபோல, சாவே கணக்கில் வராத ஊர்ல எந்த ஃபார்முலாவும் உதவாது. வீட்டில் இறந்த பாட்டியைப் பதியாம விட்டுட்டா, அவங்க எந்தப் பட்டியல்லயும் இல்லை. இன்னொண்ணு, இது வயசை மட்டும்தான் சமப்படுத்தும். புகைப்பழக்கம், வறுமை, காற்று மாசு இதெல்லாம் அந்த எண்ணுக்குள்ள அப்படியேதான் இருக்கும்.

அடுத்த தடவை ஒரு கார்டு வந்தா...

மூணே விஷயம் பாருங்க. 'கச்சா'வா, 'வயது சீரமைத்த' எண்ணான்னு எங்கேயாவது எழுதியிருக்கா? எழுதியிருந்தா, எந்தப் பொதுப் பட்டியலை வெச்சு? ரெண்டும் இல்லைன்னா, ஒப்பிடும் ரெண்டு இடங்களில் 60 வயசைத் தாண்டியவங்க எத்தனை சதவிகிதம்? இந்த மூணாவது கேள்விக்கான விடையை ரெண்டு நிமிஷத்தில் போன்லயே தேடி எடுத்துடலாம். ரெண்டு இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தா, அந்த கார்டை நம்ப வேண்டாம்.

இது நமக்கும் சீக்கிரமே தேவைப்படும். மேலே சொன்ன அதே 2021 கணிப்பில், தமிழ்நாட்டில் 60 வயசைத் தாண்டியவங்க 13.6 சதவிகிதம். கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். வரும் வருஷங்களில் 'தமிழ்நாட்டில் இறப்பு விகிதம் உயர்வு'ன்னு செய்தி வந்தா, மருத்துவமனைகளைத் திட்டுறதுக்கு முன்னாடி, அந்த எண் எதுன்னு ஒரு தடவை கீழே சின்ன எழுத்தைப் படிச்சுடுங்க. வயசைச் சீராக்கின பிறகும் அது உயர்ந்திருந்தா, அப்போ தாராளமா கேள்வி கேளுங்க.