நாற்பது நொடியில் ஒரு எக்செல் பாடம்

நூறு முகவரிகள் ஒரே நெடுவரிசையில் இருக்கின்றன. பின்கோடு மட்டும் தனியே வேண்டும். இதற்கான எக்செல் வித்தையை நாற்பது நொடி வீடியோவில் சொல்ல, முதல் ஐந்து நொடியில் முடிவைக் காட்டிவிட வேண்டும்: பக்கத்து நெடுவரிசை ஒரே தட்டலில் நிரம்புகிறது. வணக்கம், அறிமுகம் எதுவும் வேண்டாம்.

அடுத்த இருபத்தைந்து நொடி மூன்று படிகளுக்கு. திரையின் மூலையில் 1 என்ற எண் பெரிதாகத் தெரிய, A2-வில் ‘அண்ணா நகர், மதுரை 625020’ என்றிருப்பதைப் பார்த்து B2-வில் 625020 என்று தட்டச்சு செய்கிறார்கள். எண் 2 வரும்போது கர்சர் B3-க்கு இறங்குகிறது. எண் 3-இல் Ctrl+E. இந்த விசைகளின் படம் இரண்டு நொடியாவது திரையில் நிற்க வேண்டும். பலரும் வீடியோவை நிறுத்திப் பார்ப்பது இங்கேதான். முழுத் திரையையும் காட்டினால் கைப்பேசியில் எழுத்து தெரியாது. நான்கைந்து வரிசைகளை மட்டும் பெரிதாக்கினால் போதும்.

கடைசிப் பத்து நொடியை ‘லைக் செய்யுங்கள்’ என்று வீணாக்குவது பெரிய தவறு. அது எச்சரிக்கைக்கான இடம். ஃபிளாஷ் ஃபில் எனும் இந்த வசதி எக்செல் 2013 முதல்தான் உண்டு. இது சூத்திரம் அல்ல. A2-வில் முகவரியைத் திருத்தினால் B2 தானாக மாறாது. ‘625 020’ என இடைவெளி விட்டு எழுதிய வரிசையில் தவறான விடை வரலாம். அப்படி ஒரு வரிசையைத் திரையில் காட்டி, நிரம்பியதைச் சரிபார்க்கச் சொல்லாத வீடியோ அரைகுறைப் பாடம்தான்.