‘ஒரு பிஎல்சி பேனலுக்கு விலை தரவும்’

கோவையில் ஒரு பட்டறை. அங்குள்ள பழைய ஹைட்ராலிக் பிரஸ்ஸின் பேனலில் ரிலேக்கள் தேய்ந்துவிட்டன. பிஎல்சி கன்ட்ரோலர் வைத்துப் புதுப் பேனல் போடலாம் என்று முதலாளி முடிவுசெய்து, மூன்று பேனல்காரர்களுக்கு மேலே உள்ள ஒற்றை வரியை எழுதி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வரும் மூன்று கொட்டேஷன்களும் ஒன்றோடொன்று ஒட்டாது. யாரும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. ஆளுக்கொரு பேனலை மனதில் வைத்து விலை போட்டிருப்பார்கள்.

பேனா எடுக்குமுன் அவர் பிரஸ்ஸின் பக்கத்தில் நின்று எண்ணியிருக்க வேண்டும். பம்ப்பின் ஸ்டார்ட், ஸ்டாப், ஆட்டோ-மேனுவல் சுவிட்ச், இரண்டு கையாலும் அழுத்தும் பட்டன் இரண்டு, லிமிட் சுவிட்ச் மூன்று, பிரஷர் சுவிட்ச், ஓவர்லோடு, தடுப்புக் கதவு, எமர்ஜென்சி: ஆக 12 இன்புட். 10 எச்பி மோட்டாரின் ஸ்டார்-டெல்டாவுக்கு மூன்று கான்டாக்டர், மூன்று சோலனாய்டு வால்வு, இரண்டு விளக்கு: 8 அவுட்புட். 14 இன்புட், 10 அவுட்புட் உள்ள சிறிய பிஎல்சி இதற்குப் போதும். பின்னால் ஒரு சென்சார் சேர்க்கவும் இடமிருக்கும். இந்தக் கணக்கு கடிதத்தில் இல்லாவிட்டால் ஒருவர் சின்னதைப் போட்டுவிட்டு, வேலை பாதியில் இருக்கும்போது கூடுதல் மாட்யூலுக்குப் பணம் கேட்பார்.

பலர் எழுத மறப்பது வால்வு காயிலின் வோல்டேஜை. அது காயிலின் மேலேயே அச்சிட்டிருக்கும். 24 வோல்ட் டிசி, 30 வாட் என்றால் 1.25 ஆம்பியர் இழுக்கும். பிஎல்சியின் ரிலே அவுட்புட் பெரும்பாலும் 2 ஆம்பியர் வரை தாங்கும் என்பதால் நேரடியாக இணைக்கத் தோன்றும். ஆனால் காயில் அணையும் ஒவ்வொரு முறையும் எதிர் வோல்டேஜ் எகிறி, காண்டாக்டில் பொறி பறக்கும். நாளடைவில் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். பிஎல்சியில் அவுட்புட் விளக்கு அணைந்திருக்கும், வால்வு மட்டும் விடாது. அதனால் கடிதத்தில் இப்படி ஒரு வரி வேண்டும்: ‘ஒவ்வொரு வால்வுக்கும் தனி ரிலே, காயிலுக்குக் குறுக்கே டயோடு.’ காயில் 230 வோல்ட் ஏசி என்றால் டயோடு உதவாது. வேறு வகைத் தடுப்பு போட வேண்டும். அதனால்தான் வோல்டேஜைக் கட்டாயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எமர்ஜென்சி பட்டனை இன்புட்டாக எண்ணினோம். பிஎல்சிக்குத் தகவல் சொல்ல மட்டுமே அந்த வயர். மின்சாரத்தைத் துண்டிக்கும் வேலையைப் புரோகிராமை நம்பி விடாமல், சேஃப்டி ரிலே வழியாகச் செய்ய வேண்டும். இதைக் கேட்காத கொட்டேஷனில் முதலில் வெட்டுப்படுவது இந்த ரிலேதான். பிரஸ்ஸில் கை வைப்பவர் ஆபரேட்டர். இதில் மிச்சம் பிடிப்பதை நான் சிக்கனம் என்று சொல்லமாட்டேன்.

கடைசியாக, புரோகிராம். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிக் கொடுப்பது சகஜம். ஒரு டைமரை மாற்றவும் போட்டவரையே கூப்பிட வேண்டும். அவர் தொழிலை விட்டுவிட்டால் பிஎல்சியை அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டியதுதான். எனவே கடிதம் இப்படி முடியட்டும்: ‘பாஸ்வேர்டு இல்லாத மூலப் புரோகிராம், விளக்கக் குறிப்புகளுடன் வேண்டும். வயரிங் படமும் தர வேண்டும். எங்கள் லேப்டாப்பில் அதைத் திறந்து, பிஎல்சியில் மறுபடி ஏற்றி, பிரஸ்ஸை ஓட்டிக் காட்டிய பிறகே மீதித் தொகை தரப்படும்.’