உஷார்! பார்கோடு அடித்தால் பேட்ச் தெரியாது

2025 அக்டோபர் தொடக்கத்தில், கோல்ட்ரிஃப் இருமல் மருந்தின் எஸ்.ஆர்-13 என்ற பேட்சில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருப்பதைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டறிந்தது. அதற்குள் மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த குழந்தைகள் பலர் இறந்திருந்தார்கள். அப்படி ஓர் அறிவிப்பு வரும் நாளில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர் உடனே பதில் சொல்ல வேண்டும்: அந்த பேட்ச் நம்மிடம் வந்ததா, கடையில் எத்தனை, குடோனில் எத்தனை, எந்தெந்த பில்லில் போயிருக்கிறது? இதற்குப் பதில் தராத ஸ்டாக் மென்பொருளைத்தான் பல கடைகள் ஆண்டுச் சந்தா கட்டி வாங்கிக்கொண்டிருக்கின்றன.

விற்க வருபவரிடம் கேட்டால் "பேட்ச் வசதி இருக்கு சார், பார்கோடும் இருக்கு" என்பார். இரண்டும் தனித்தனியே உண்மையாக இருக்கலாம். ஆபத்து இரண்டும் சேரும் இடத்தில் இருக்கிறது. அட்டையில் நாம் வழக்கமாகப் பார்க்கும் 13 இலக்கப் பார்கோடு, பொருள் எது என்பதை மட்டுமே சொல்லும். பேட்ச் எண், எக்ஸ்பைரி, எம்.ஆர்.பி எதுவும் அதில் கிடையாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஜூனில் ஒரு மாத்திரை 60 ஸ்ட்ரிப் வருகிறது. எக்ஸ்பைரி 2027 நவம்பர், எம்.ஆர்.பி 108 ரூபாய். ஜூலையில் அதே மாத்திரை இன்னும் 40 ஸ்ட்ரிப். இந்த பேட்சுக்கு எக்ஸ்பைரி 2027 பிப்ரவரி, எம்.ஆர்.பி 102 ரூபாய். பின்னால் வந்த சரக்கு முன்னால் காலாவதியாவது இந்தத் தொழிலில் புதிதல்ல. கடைப் பையன் அலமாரியிலிருந்து ஜூலை ஸ்ட்ரிப்பை எடுத்து ஸ்கேன் செய்கிறான். மென்பொருளோ முதலில் வந்த ஜூன் பேட்சைத் தானாக எடுத்து 108 ரூபாய்க்கு பில் போடுகிறது. அட்டையில் 102 என்று அச்சாகியிருக்க, 6 ரூபாய் கூடுதலாக வாங்கியாகிவிட்டது. இது சட்டப்படி குற்றம். பில்லில் உள்ள பேட்ச் எண்ணும் பொய். நாளை ஜூலை பேட்சைத் திரும்பப் பெறச் சொன்னால், அதை யாருக்கும் விற்கவில்லை என்று கணினி சாதிக்கும்.

நல்ல மென்பொருள் ஒரே பார்கோடுக்கு இரண்டு பேட்ச் இருந்தால் நிறுத்திக் கேட்கும். எக்ஸ்பைரி நெருங்கியதை முதலில் காட்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 மருந்து பிராண்டுகளுக்கு பேட்சும் எக்ஸ்பைரியும் அடங்கிய பார்கோடோ க்யூஆர் கோடோ கட்டாயம். க்யூஆராக இருந்தால் அதைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். படித்ததை மென்பொருள் பேட்ச் கட்டத்தில் தானே நிரப்புகிறதா என்றும் பார்க்க வேண்டும். மற்ற சரக்குக்கு, கொள்முதலைப் பதியும்போதே பேட்சுடன் சொந்த லேபிள் அச்சிடும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்த பொறி குடோன். சில மலிவான மென்பொருள்களில் கடையும் குடோனும் தனித்தனி நிறுவனங்கள் போலத்தான் பதிவாகும். குடோனிலிருந்து 10 ஸ்ட்ரிப் எடுத்து வர அங்கே விற்பனை பில், இங்கே கொள்முதல் பதிவு என்று போடச் சொல்வார்கள். பேட்சையும் எக்ஸ்பைரியையும் கையால் மறுபடி அடிக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினால் கணினிக்கு அது வேறு பேட்ச். ஒரே ஜி.எஸ்.டி எண்ணுக்குள் நடந்த இடமாற்றம் விற்பனையாகக் கணக்கில் ஏறி, ரிட்டர்னிலும் குழப்பம் செய்யும்.

டெமோவில் அவர்கள் கொண்டுவரும் மாதிரிச் சரக்கை நம்பாதீர்கள். மேலே சொன்ன இரண்டு பேட்சையும் உங்கள் கையால் குடோனில் பதியுங்கள். ஒவ்வொன்றிலும் 10 ஸ்ட்ரிப்பைக் கடைக்கு மாற்றுங்கள். ஸ்கேன் செய்து ஜூலை பேட்சில் மூன்று விற்று, ஒன்றைத் திரும்பப் பெறுங்கள். இப்போது ஜூலை பேட்ச் கடையில் 8, குடோனில் 30 என்று ஒரே ரிப்போர்ட்டில் வர வேண்டும். பேட்ச் எண்ணைத் தட்டினால் அந்த பில்கள் வர வேண்டும். "எக்ஸெல்லில் எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் அந்த ரிப்போர்ட் அவர்களிடம் இல்லை என்று அர்த்தம்.

ஸ்டாக் பூஜ்யமானாலும் பில் போட விடும் வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், கூட்ட நேரத்தில் பேட்ச் எண்ணே இல்லாத பில்கள் ஓடும். ஸ்டாக் மைனஸில் போகும். அதை அணைக்க முடியாத மென்பொருள் மருந்துக் கடைக்கு ஆகாது.

இந்தச் சோதனை உங்கள் கண்முன் நடந்து முடியும்வரை முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.